லேப்பில் ஊசி குத்திவிட்டால்: முதல் இரண்டு மணி நேரமும் எழுத வேண்டிய பதிவும்

ஊசி குத்தினால் கையைக் கழுவ வேண்டும் என்பது லேப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கைநழுவிப் போவது வேறு இரண்டு விஷயங்கள். அந்த ஊசியில் யாருடைய ரத்தம் இருந்ததோ அவர் பில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். எத்தனை மணிக்குக் குத்தியது என்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வதும், பிறகு ஏதாவது சிக்கல் வந்தால் அது வேலையில் வந்தது என்று நிரூபிப்பதும் இந்த இரண்டை வைத்துத்தான். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்துச் சின்ன லேப்களில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் பயிற்சிக்கு வந்திருக்கும் டி.எம்.எல்.டி. மாணவர்களையும் மனதில் வைத்து இது எழுதப்படுகிறது.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். குடியாத்தத்தில் ஒரு லேப், திங்கட்கிழமை காலை 7.40. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சி மாணவி ஒருவர் 5 மி.லி. சிரிஞ்சில் ரத்தம் எடுக்கிறார். இடது கையில் ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருக்கும் சிரிஞ்சின் ஊசியை மூடியில் குத்தி ரத்தத்தை இறக்கப் பார்க்கிறார். ஊசி ரப்பரில் வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்கிவிடுகிறது. கையுறை போட்டிருந்தார். லேப்களில் நடக்கும் ஊசிக்குத்துகளில் இது நன்றாகத் தெரிந்த வகை. குழாய் ஸ்டாண்டில் இருக்க வேண்டியது, கையில் இருந்தது.

1. முதல் 5 நிமிடம்: கழுவுங்கள், பிதுக்காதீர்கள்

கையில் இருக்கும் சிரிஞ்சை முதலில் பத்திரமாக வையுங்கள். ஊசிக்கு மூடி போட முயல வேண்டாம். பதற்றத்தில் மூடி போடப் போய் இரண்டாவது முறை குத்திக்கொள்வது உண்டு. ஊசியோடு சிரிஞ்சை வெள்ளை நிறக் குத்தாத டப்பாவில் போட்டுவிடலாம். போடும் முன் அது எந்த அளவு ஊசி, உள்ளே ரத்தம் கண்ணுக்குத் தெரிந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இரண்டையும் கேட்பார்கள். ஊசியில் கிருமி இருக்கிறதா என்று அந்த ஊசியையே சோதிக்கும் வழக்கம் கிடையாது. அதை எடுத்து வைத்தால் இன்னொருவரைக் குத்தும், அவ்வளவுதான்.

கையுறையைக் கழற்றுங்கள். ஓடும் தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் தானாக வந்தால் வரட்டும். விரலைப் பிதுக்கினால் கிருமி வெளியே வந்துவிடும் என்று நம்பித்தான் பலரும் அழுத்துகிறார்கள். அதனால் பயன் எதுவும் இல்லை, அந்த இடத்துத் தசைதான் நசுங்குகிறது. டெட்டால், ஸ்பிரிட், அயோடின், பிளீச்சிங் கரைசல் எதுவும் வேண்டாம், அவை தோலை இன்னும் புண்ணாக்கும். பிரஷ் வைத்துத் தேய்க்கவும் கூடாது. குத்திய விரலை வாயில் வைக்கும் பழக்கம் சிலருக்கு அனிச்சையாகவே இருக்கிறது. கட்டாயம் தவிர்க்க வேண்டியது அதுதான். கண்ணில் தெறித்திருந்தால் கண்ணைத் திறந்து வைத்துச் சுத்தமான தண்ணீரிலோ சலைனிலோ சில நிமிடங்கள் விடாமல் கழுவுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் அது கண்ணில் இருக்கும்போதே முதலில் கழுவிவிட்டு, பிறகு கழற்றி மறுபடியும் கழுவுங்கள்.

“கையுறை போட்டிருந்தேன், லேசாகத்தான் பட்டது, ரத்தம் கூட வரலை” என்று விட்டுவிடுவதுதான் மாட்டிக்கொள்ளும் இடம். கையுறை ஊசியின் வெளிப்பக்கத்து ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ரத்தம் எடுக்கும் ஊசி உள்ளே குழலாக இருப்பது. அந்தக் குழலுக்குள் நிற்கும் ரத்தத்தைக் கையுறை ஒன்றும் செய்யாது. தோலில் ஊசி இறங்கியதா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் இறங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவி முடித்ததும் சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள். குத்திய நேரத்தைக் கணக்கிட்டு, 7.40 என்று கிடைத்த காகிதத்தில் எழுதுங்கள்.

2. அடுத்த 10 நிமிடம்: அந்த நோயாளியை அனுப்பிவிடாதீர்கள்

நீங்கள் கழுவிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: “இப்ப ரத்தம் கொடுத்த அம்மாவைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்க.” இந்த ஒரு வாக்கியம் பின்னால் வரும் வேலையைப் பாதியாக்கிவிடும். அவர் போய்விட்டால் போன் நம்பர் தேடி, கூப்பிட்டு, பயமுறுத்தாமல் விஷயத்தைச் சொல்லி, மறுபடியும் வரவழைக்க வேண்டும். பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டவர் அன்றைக்கே திரும்பி வருவது அரிது.

அவரிடம் பேச வேண்டியது மாணவி அல்ல. லேப் பொறுப்பாளரோ டாக்டரோ, தனி இடத்தில் பேச வேண்டும். சொல்வது இப்படி இருந்தால் போதும்: “அம்மா, உங்களுக்கு ரத்தம் எடுத்த ஊசி எங்க பொண்ணு கையில தவறிப்போய் குத்திடுச்சு. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. அவளுக்கு மருந்து வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்க உங்க ரத்தத்துல மூணு டெஸ்ட் பார்க்கணும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி. உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்தான். காசு கிடையாது. ரிசல்ட் உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.”

அவர் கொடுத்த ரத்தம் ஏற்கெனவே குழாயில் இருக்கிறது, யாரிடமும் கேட்காமல் ஒரு கார்டு டெஸ்ட் போட்டுப் பார்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் யாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய முடியாது. ரகசியமாகப் பார்த்த முடிவைப் பதிவேட்டில் எழுதவும் முடியாது, டாக்டரிடம் காட்டவும் முடியாது. சம்மதத்தைக் கையெழுத்தாக வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைநாட்டும் ஒரு சாட்சியும். இந்த மூன்று பரிசோதனைகளின் செலவு லேப்பைச் சேர்ந்தது, நோயாளியின் பில்லில் ஏறக் கூடாது.

அவர் மறுத்துவிட்டால் வற்புறுத்த வேண்டாம். “மூலம் தெரியாதது” என்று கணக்கில் எடுத்துக்கொண்டு டாக்டர் முடிவு செய்வார். குப்பைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஊசி குத்தியிருந்தாலும் இதே கணக்குதான். காய்ந்துபோன பழைய ஊசி ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் காமாலை பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் வரை தாக்குப்பிடிக்கும்.

3. இரண்டு மணி நேரத்துக்குள்: முதல் மாத்திரை

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் வேளையைக் கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். 72 மணி நேரம் கடந்துவிட்டால் கொடுப்பதில்லை. அதற்குள் கிருமி உடலில் ஊன்றியிருக்கும், மருந்தால் தடுக்க முடியாது. நம் மாணவிக்குக் கெடு 9.40. குடியாத்தத்தில் இருந்து வேலூர் போய், அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், வரிசையில் நின்று டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். அதனால் முதல் வேளை மாத்திரை பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதைச் சம்பவம் நடப்பதற்கு முன்பே லேப் விசாரித்து வைத்திருக்க வேண்டும். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். தடுப்பு மருந்து இருப்பில் இருக்கிறதா? ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரிடம் கேட்க வேண்டும்? வெளி லேப் ஊழியருக்குக் கொடுக்க என்ன கடிதம் வேண்டும்? பதிலை எழுதி, ரத்தம் எடுக்கும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை மையங்கள் பகல் நேரத்தில்தான் இயங்கும். ராத்திரியில் அங்கே போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பக் கூடாது. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: அடையாள அட்டை, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி அட்டை, லேப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் (குத்திய நேரம், ஊசி வகை, நோயாளி இருக்கிறாரா இல்லையா), நோயாளியின் பரிசோதனை முடிந்திருந்தால் அந்த முடிவு ஒட்டிய உறையில். வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொடுப்பது ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்தது. தினம் ஒன்று, 28 நாள். அரசு மையத்தில் காசு கிடையாது. நோயாளியின் முடிவு வரும்வரை முதல் வேளையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முடிவு நெகட்டிவ் என்று வந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்வார். நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை நான்கு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோ வயிற்று எரிச்சலுக்கான அமில முறிவு மருந்தோ எடுப்பவர் என்றால் சொல்லுங்கள். அவை டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும், அதனால் இடைவெளி விட வேண்டும். சர்க்கரைக்கு மெட்பார்மின் எடுப்பவருக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டெனோஃபோவிர் பற்றி யோசிக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.

பயத்தின் அளவு தெரிந்திருப்பது நல்லது. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தத்தோடு ஊசி குத்தி, மருந்தே எடுக்காவிட்டால், 1000 பேரில் சுமார் 3 பேருக்குத் தொற்றுகிறது. தடுப்பூசி போடாதவருக்கு மஞ்சள் காமாலை பி அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும், 100-க்கு 6 முதல் 30 வரை. எல்லாரும் எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்கும்போது, தடுப்பூசி போடாத ஒருவருக்கு உண்மையில் பெரிய ஆபத்து இந்த மஞ்சள் காமாலைதான்.

4. அன்றைக்குள்: மஞ்சள் காமாலை பி

மூன்று தடுப்பூசியும் போட்டு, அதன் பிறகு எதிர்ப்புச் சக்தி 10 அலகுக்கு மேல் இருப்பதாக ஒரு ரிப்போர்ட் கையில் இருந்தால் இதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மூன்று ஊசி போட்டாயிற்று, ஆனால் அளந்து பார்க்கவே இல்லை என்பவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அவர்களுக்கு அன்றைக்கே அளந்து பார்க்கிறார்கள்.

தடுப்பூசியே போடாதவர் என்றால், நோயாளிக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவாக இருக்கும் பட்சத்தில் இம்யூனோகுளோபுலின் ஊசி கொடுப்பார்கள். எடைக் கிலோவுக்கு 0.06 மி.லி., அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 3 மி.லி. 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 7 நாள் வரை போடலாம். அதே நாளில் இன்னொரு கையில் தடுப்பூசியின் முதல் டோஸும் தொடங்கும். அடுத்தது 1 மாதத்தில், மூன்றாவது 6 மாதத்தில். இம்யூனோகுளோபுலினை வெளியே வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும், எல்லாக் கடையிலும் இருக்காது. இந்தச் செலவை யார் ஏற்பது என்று அந்த நேரத்தில் பேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். ஊழியருக்கு இந்தத் தடுப்பூசியைப் போட வைப்பது லேப்பின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. வேலையால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்புள்ளவருக்குத் தடுப்பு மருந்து கிடைக்கச் செய்ய வேண்டும் என்று எச்.ஐ.வி. சட்டமும் சொல்கிறது.

மஞ்சள் காமாலை சி-க்குத் தடுப்பு மருந்து கிடையாது. கண்காணிப்பு மட்டும்தான். தொற்றினாலும் மாத்திரையில் குணமாகும் நோய் என்பதால், சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

5. உங்கள் ரத்தமும் அன்றைக்கே எடுக்கப்பட வேண்டும்

பலர் இதை வேண்டாம் என்பார்கள். “எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்.” தெரியலாம், ஆனால் காகிதத்தில் இல்லை. ஊசி குத்திய நாளில் நீங்கள் நெகட்டிவ் என்று பதிவாகியிருந்தால்தான், 3 மாதம் கழித்துப் பாசிட்டிவ் வந்தால் அது இந்தக் குத்தினால் வந்தது என்று சொல்ல முடியும். பார்க்க வேண்டியவை: எச்.ஐ.வி., எச்.பி.எஸ்.ஏ.ஜி., அதன் எதிர்ப்புச் சக்தி அளவு, எச்.சி.வி. எதிர்ப்பொருள், கல்லீரல் நொதி, மருந்து தொடங்குவதால் கிரியாட்டினின். இதில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று தெரியவந்தால் டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். 28 நாள் முடிந்து டெனோஃபோவிரை நிறுத்தும்போது கல்லீரல் வீக்கம் கிளம்பலாம், அவர் அதைத் தனியாகக் கவனிப்பார்.

உங்கள் சொந்த லேப்பிலேயே இந்தப் பரிசோதனைகளைச் செய்ய வேண்டாம். கூட வேலை செய்பவர்கள் முடிவைப் பார்த்துவிடுவார்கள். வெளியே, பெயருக்குப் பதில் எண் போட்டு அனுப்புங்கள்.

6. பதிவேடு: என்ன எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும்

ஊசிக்குத்துப் பதிவேடு என்று தனியாக ஒரு நோட்டு இருக்க வேண்டும். அதில் அடிக்கடி காணக் கிடைக்கும் வரி இது: “ஊழியருக்கு ஊசி குத்தியது. முதலுதவி செய்யப்பட்டது.” இதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. நம் மாணவியின் பதிவு இப்படி இருக்க வேண்டும்:

“திங்கள், காலை 7.40, ரத்தம் எடுக்கும் மேசை. 5 மி.லி. சிரிஞ்சில் இருந்து இ.டி.டி.ஏ. குழாய்க்கு ரத்தம் மாற்றும்போது, குழாயை இடது கையில் பிடித்திருந்ததால், ஊசி மூடியில் வழுக்கி இடது ஆள்காட்டி விரல் நுனியில் இறங்கியது. 22 எண் குழல் ஊசி, உள்ளே ரத்தம் தெரிந்தது. ஒரு அடுக்குக் கையுறை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. 7.42 முதல் சோப்பு, ஓடும் தண்ணீர். 7.50 பொறுப்பாளரிடம் சொல்லப்பட்டது. மூலம் தெரியும், சங்கேத எண் தனி உறையில், சம்மதம் 8.05. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி இரண்டு டோஸ் மட்டும், மூன்றாவது பாக்கி. டாக்டரைப் பார்த்தது 8.50. முதல் மாத்திரை 9.05.”

நேரங்களைக் கவனியுங்கள். குத்தியது, சொன்னது, மருந்து எடுத்தது என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் போட்டிருந்தால், பிறகு உட்கார்ந்து ஊகித்து எழுதியது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். தவறாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூச வேண்டாம்.

பதிவேட்டில் நோயாளியின் பெயரோ எச்.ஐ.வி. முடிவோ இருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் புரட்டும் நோட்டு அது. முடிவுகள் மூடிய உறையில், பொறுப்பாளரின் பூட்டில். மாணவியின் முடிவுகளும் அப்படியே. பதிவின் நகல் ஒன்றைத் தேதியோடும் கையெழுத்தோடும் வாங்கி வீட்டில் வையுங்கள். பயிற்சி மாணவர்கள் இன்னொரு நகலைத் தங்கள் கல்லூரிக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லேப், “எங்க ஊழியர் இல்லை” என்றும், கல்லூரி, “எங்களுக்குத் தெரியாது” என்றும் சொல்ல இடம் கிடைத்துவிடும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் என்றால் விபத்துப் புத்தகத்திலும் ஏற்ற வேண்டும்.

மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 24 மணி நேரத்துக்குள் படிவம் 1 அனுப்ப வேண்டுமோ என்று லேப் பொறுப்பாளர்கள் குழம்புகிறார்கள். அது பெரிய விபத்துகளுக்கு. மருத்துவக் கழிவு விதிகள் பெரிய விபத்து எது என்று சொல்லும் இடத்திலேயே ஊசிக்குத்தை விலக்கி வைத்திருக்கின்றன. கழிவைக் கையாளும்போது நேர்ந்த ஊசிக்குத்துகள் ஆண்டறிக்கையில், அதாவது ஜூன் 30-க்குள் போக வேண்டிய படிவம் 4-இல், எத்தனை பேர், என்ன செய்தோம் என்ற கணக்கில் வரும். அந்த எண் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

7. அடுத்த 6 மாதம்

எச்.ஐ.வி. பரிசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதம். எச்.சி.வி.க்கு 3 முதல் 6 வாரத்துக்குள் ஆர்.என்.ஏ. பரிசோதனை, 4 முதல் 6 மாதத்தில் எதிர்ப்பொருள். தேதிகளைச் சம்பவம் நடந்த அன்றே பதிவேட்டில் எழுதிவிடுங்கள். ஆறு வாரம் கழித்து யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், அதற்குள் பயிற்சிக் காலமே முடிந்து மாணவி வேறு ஊருக்குப் போயிருப்பார். ஊர் மாறினாலும் பக்கத்து நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். நகலோடு போங்கள்.

முதல் 3 மாதம் ரத்ததானம் வேண்டாம். ஆணுறை இல்லாத உறவு வேண்டாம். காய்ச்சல், உடம்பில் தடிப்பு, நெறிகட்டு, கண் மஞ்சளாவது இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையால் முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் குறைவும் வரலாம். அதற்காகப் பாதியில் விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். விடுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள், அதற்கும் மருந்து உண்டு.

கடைசிப் பரிசோதனை முடிந்ததும் அதே பக்கத்தில் தேதி போட்டு, “பின்தொடர்தல் முடிந்தது” என்று எழுதிப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். அதற்குக் கீழே, “மாற்றம் என்ன செய்யப்பட்டது” என்று ஒரு வரிக்கு இடம் இருக்கும். நம் சம்பவத்தில் அந்த வரி: ரத்தம் மாற்றும்போது குழாய் ஸ்டாண்டில் இருக்க வேண்டும், இடது கை மேசைக்குக் கீழே. மேசையில் புது ஸ்டாண்டு வைத்த தேதியையும் எழுதுங்கள்.